ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று நோன்பு

பள்ளி ஆண்டு விழாக்களில் மத நல்லிணக்க நாடகம் ஒன்று அநேகமாக இருக்கும். மூன்று பிள்ளைகள் மேடைக்கு வருவார்கள். ஒருவன் நெற்றியில் திருநீறு, ஒருவன் தலையில் தொப்பி, ஒருத்தி கழுத்தில் சிலுவை. தலைப்பு நோன்பு என்றால், விரதம் மனதைக் கட்டுப்படுத்துகிறது என்று முதல் பிள்ளை சொல்லும். நோன்பு ஏழையின் பசியை உணர்த்துகிறது என்று இரண்டாவது பிள்ளை சொல்லும். தவக்காலம் தியாகத்தைக் கற்றுத் தருகிறது என்று மூன்றாவது பிள்ளை முடிக்கும். பிறகு மூவரும் கைகோத்து நிற்பார்கள். இந்த மூன்று வசனங்களையும் இடம் மாற்றிப் போட்டாலும் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அதுதான் அந்த நாடகத்தின் குறை. பேசியவை எதுவும் எந்த வீட்டு அடுப்படியிலிருந்தும் வரவில்லை.

நோன்பு வைக்கும் வீட்டில் ‘மனக்கட்டுப்பாடு’ என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. அங்கே பேச்செல்லாம் வேறு. மணி என்ன ஆயிற்று, பாங்கு சொல்லிவிட்டார்களா, இன்று திதி எத்தனை மணி வரை, குழம்பில் கறி போட்டிருக்கிறதா, அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதால் அவள் இன்று வைக்கலாமா? வகுப்பில் இந்த நாடகத்தை எழுத உட்காரும் ஆசிரியர் இந்தக் கேள்விகளிலிருந்து தொடங்கினால், நோன்பின் பொருள் என்ன என்பதைத் தனியே வசனமாக எழுத வேண்டியிருக்காது.

அப்படி எழுத ஒரு நல்ல நாள் 2026 பிப்ரவரி 27. அன்று வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டில் பிப்ரவரி 19 அன்று ரமலான் தொடங்கியிருந்ததால் அது ஒன்பதாவது நோன்பு. பிப்ரவரி 18 சாம்பல் புதன் என்பதால் கத்தோலிக்கர்களுக்கு அது தவக்காலத்து வெள்ளி. வளர்பிறையில் பதினோராவது திதி என்பதால் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அன்று ஏகாதசி. மூன்று சமயங்களின் சாப்பாட்டு விதிகளும் ஒரே நாளில் ஒரே ஊரில் கூடின.

இந்தக் கூடுகைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. பிப்ரவரி 17 அமாவாசை. அதற்கு முன்பாக, 15ஆம் தேதி மகா சிவராத்திரி. அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் ரமலான். தவக்காலத்துக்கும் சந்திரனுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் உயிர்த்த ஞாயிறு, மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்று திருச்சபை கணக்கிடுகிறது. அதிலிருந்து 46 நாள் பின்னோக்கி எண்ணினால் சாம்பல் புதன். 46 நாள் என்பது ஏறக்குறைய ஒன்றரைச் சந்திர மாதம். ஆகவே பௌர்ணமியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறபோது ஓர் அமாவாசையின் பக்கத்தில் போய் நிற்கும். தவக்காலம் ஒவ்வோர் ஆண்டும் அமாவாசையை ஒட்டித்தான் தொடங்குகிறது. ரமலான் மட்டும் சூரிய ஆண்டோடு ஒட்டாமல் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். அதனால் ரமலானும் தவக்காலமும் சேர்ந்து தொடங்குவது ஏறக்குறைய 33 ஆண்டுக்கு ஒருமுறை அமைகிறது. இதற்கு முன் 1993 பிப்ரவரியில் அப்படி அமைந்தது.

நாடகத்துக்கு ஊர் வேண்டும். நாகப்பட்டினத்தை வைத்துக்கொள்ளலாம். வடக்கே நாகூர் தர்கா, தெற்கே வேளாங்கண்ணி, நகருக்குள்ளேயே திவ்விய தேசங்களில் ஒன்றான சௌந்தரராஜப் பெருமாள் கோயில். மூன்றுக்கும் இடையில் ஒரு பேருந்துப் பயணம்தான். இங்கே ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மூன்று பிள்ளைகளைக் கற்பனை செய்துகொள்வோம்: சௌந்தர், பாத்திமா, ஸ்டெல்லா. பரீட்சைக்குச் சேர்ந்து படிக்க பாத்திமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாலை மணி ஆறு. பாத்திமாவின் தம்பி பள்ளிவாசலில் இருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வாங்கி வந்து நடுவில் வைக்கிறான். சூரியன் மறைய இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.

சௌந்தர்: வாசமே ஆள இழுக்குது. எனக்கு ஒரு டம்ளர் கிடைக்குமா?

பாத்திமா: பாங்கு சொல்லட்டும். எல்லாருக்கும் ஊத்துறேன்.

ஸ்டெல்லா: எனக்கு வேண்டாம். கறி போட்டிருக்குல்ல?

பாத்திமா: கொத்துக்கறி கொஞ்சம் கிடக்கும். நீதான் கறி சாப்பிடுவியே?

ஸ்டெல்லா: இன்னிக்கு வெள்ளிக்கிழமைடி. தவக்காலம். சுத்தபோசனம்.

சௌந்தர்: ஐயையோ, இன்னிக்கு ஏகாதசில்ல! அப்பாயி அரிசியையே தொட மாட்டாங்க. நான் கஞ்சி குடிச்சிட்டுப் போனது தெரிஞ்சா அவ்வளவுதான்.

இதுவரை யாரும் எந்த மதத்தையும் விளக்கவில்லை. ஆனாலும் மூன்று விதிகள் மேடைக்கு வந்துவிட்டன. கஞ்சியில் என்ன கிடக்கிறது என்பதுதான் அவற்றை வரவழைத்தது. நோன்புக் கஞ்சி பச்சரிசி நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் தேங்காய்ப் பாலும் சேர்த்துக் காய்ச்சுவது. பல பள்ளிவாசல்களில் கறியும் சேரும். இந்தக் கஞ்சிக்கென்று தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு அரிசி கொடுக்கிறது. வரிசையில் தூக்குவாளியோடு நிற்பவர்களில் முஸ்லிம் அல்லாதவர்களும் உண்டு. ஸ்டெல்லாவைத் தடுப்பது கறி, சௌந்தரைத் தடுப்பது அரிசி, பாத்திமாவைத் தடுப்பது மணி. நோன்பு என்று ஒரே பெயரில் நாம் அழைக்கும் மூன்றும் வெவ்வேறு வேலைகள் என்பதை ஒரு தூக்குவாளி காட்டிவிடுகிறது.

இதற்குப் பிறகு வரும் கேள்வியை ஆசிரியர்கள் பெரும்பாலும் அடித்துவிடுவார்கள். அடிக்கக் கூடாது. பிள்ளைகள் உண்மையிலேயே கேட்கிற கேள்வி அது.

சௌந்தர்: காலையிலேர்ந்து தண்ணிகூட குடிக்கலையா? பி.டி. பீரியட்லகூடவா?

பாத்திமா: எச்சில் முழுங்கலாம். தண்ணி கூடாது.

சௌந்தர்: அப்பாயி தண்ணி குடிப்பாங்க, பால் குடிப்பாங்க, வாழைப்பழம் சாப்பிடுவாங்க. ஸ்டெல்லா கறி மட்டும்தான் சாப்பிட மாட்டா. அப்போ உன்னோடதுதான் பெரிய விரதம்.

ஸ்டெல்லா: அது எப்படி? எங்களுக்கு நாப்பது நாளு.

மேடையில் இந்த இடத்தில் ஒரு சிறு உரசல் வரும், வரட்டும். யாருடைய நோன்பு கடினம் என்ற போட்டி வகுப்பறையில் நடப்பதுதான். அதை நாடகம் மறைத்தால் பிள்ளைகள் இடைவேளையில் நடத்துவார்கள். போட்டியை முடித்துவைக்க அறிவுரை தேவையில்லை, விவரம் போதும். பாத்திமா வைகறைக்கு முன் சகர் சாப்பிட்டுவிட்டு நிய்யத் வைக்கிறாள். பிப்ரவரி மாதத்து நாகப்பட்டினத்தில் அங்கிருந்து சூரியன் மறையும்வரை சுமார் 13 மணி நேரம். இரவில் அவளுக்குத் தடையில்லை. சௌந்தரின் அப்பாயி ஏகாதசி முழுவதும் சோறு இல்லாமல் இருந்து, இரவையும் கடந்து, மறுநாள் துவாதசிக் காலையில்தான் பாரணை செய்வார். ஸ்டெல்லாவின் சபையில் கட்டாய ஒருசந்தி ஆண்டுக்கு இரண்டே நாள்: சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். அந்த நாள்களில் ஒரு முழுச் சாப்பாடு, அதோடு இரண்டு சிறு உணவு. அதுவும் 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான், 59 வயது வரை. தவக்காலத்து வெள்ளிகளில் இறைச்சியை ஒதுக்கும் சுத்தபோசனம் 14 வயதில் தொடங்குகிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்பு ஸ்டெல்லாவுக்கு ஒருசந்தி இன்னும் கடமையாகவில்லை, சுத்தபோசனம் கடமையாகிவிட்டது. ஒன்று நாளின் வெளிச்சத்தை அளவாகக் கொள்கிறது, ஒன்று திதியை, ஒன்று பருவத்தை. ஒன்றின் அளவுகோலால் இன்னொன்றை அளக்க முடியாது என்று ஆசிரியர் வசனம் எழுத வேண்டாம். இந்த விவரங்களைப் பிள்ளைகளே சொல்லிக்கொண்டால் போட்டி தானாக ஓய்ந்துவிடும்.

கடற்கரை ஊரில் இன்னொரு கேள்வியும் வரும்: மீன் சாப்பிடலாமா? திருச்சபைச் சட்டம் இறைச்சியைத்தான் விலக்குகிறது, மீனை விலக்கவில்லை. மீனே அன்றாட உணவாக இருக்கிற ஊரில், கறியை விட்டுவிட்டு வஞ்சிரம் வறுத்துச் சாப்பிட்டால் அது என்ன ஒறுத்தல் என்று சௌந்தர் கேட்பான். ஸ்டெல்லாவிடம் அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை, வீட்டில் இருக்கிறது. “சட்டப்படி சாப்பிடலாம்டா. எங்கம்மா வெள்ளிக்கிழமை மீன் வாங்குறதில்ல. அந்தக் காசை உண்டியல் டப்பாவுல போடுவாங்க.” விதி ஒரு கோடு கிழித்திருக்கிறது, வீடு அதற்குக் கொஞ்சம் தள்ளித் தன் கோட்டைக் கிழித்துக்கொள்கிறது. எல்லாச் சமயத்திலும் இது நடக்கிறது. நோன்பின் உயிர் பெரும்பாலும் அந்த இரண்டு கோடுகளுக்கு இடையில் இருக்கிறது.

பிரிட்டனில் சமயக் கல்வி ஆய்வாளரான வார்விக் பல்கலைக்கழகத்து ராபர்ட் ஜாக்சன் 1997இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி எழுதினார். ஒரு சமயத்தைக் கற்பிக்கும்போது அந்தப் பெரிய மரபையும், மாணவர் பிறந்து வளர்ந்த சிறு குழுவையும், அந்தத் தனி ஆளையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒன்றை மற்றதற்குப் பிரதிநிதியாக நிறுத்திவிடக் கூடாது. ஸ்டெல்லா ‘கிறிஸ்தவம்’ அல்ல. நாகப்பட்டினத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த ஒரு வீட்டுப் பெண். அவளுடைய பெரியம்மா பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவராக இருந்தால், அங்கே தவக்காலமே இருக்காது. நினைத்த வேளையில் உபவாச ஜெபம் இருக்கும், காலையிலிருந்து மாலைவரை ஒன்றும் சாப்பிடாமல். சௌந்தரின் அப்பாயி ஏகாதசி இருக்க, பக்கத்து வீட்டில் முருக பக்தர்கள் ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பார்கள். ஏகாதசி அவர்கள் நினைவிலேயே இருக்காது. அதனால் நாடகத்தில் ‘எங்க மதத்துல’ என்று தொடங்கும் வசனங்களை எடுத்துவிட்டு ‘எங்க வீட்டுல’ என்று மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றியதும் பொய்யாக ஒலிக்கிற வசனம் எதுவோ, அது முதலிலேயே பொய்யாகத்தான் இருந்திருக்கிறது. அதை வெட்டிவிடலாம்.

‘தெரியல, கேட்டுச் சொல்றேன்’ என்ற வசனம் மூன்று பிள்ளைகளுக்கும் ஒருமுறையாவது வர வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளை தன் சமயத்துக்கு அதிகாரபூர்வப் பேச்சாளர் கிடையாது. மறந்துபோய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஸ்டெல்லா கேட்கட்டும். பாத்திமாவுக்குப் பதில் தெரியும், ஏனென்றால் சின்ன வயதில் அவளுக்கே நேர்ந்திருக்கும்: மறதியாகச் சாப்பிட்டால் நோன்பு முறியாது, நினைவு வந்ததும் நிறுத்திவிட்டுத் தொடர வேண்டும். சௌந்தருக்குத் தெரியாது. “அப்பாயிய கேக்கணும்” என்பான். அந்த ஒரு வசனத்தால் நாடகம் வகுப்பறையை விட்டு ஒரு வீட்டுக்குள் போகிறது. மறுநாள் அவன் உண்மையிலேயே கேட்டுவிட்டு வந்தால், ஆசிரியர் நினைத்ததைவிடப் பெரிய பாடம் நடந்துவிட்டது.

இனி விலக்குகள். ஒரு சமயம் யாரை நோன்பிலிருந்து விடுவிக்கிறது என்று பார்த்தால், அது நோன்பை எதற்காக வைத்திருக்கிறது என்பது தெரியும். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் நோன்பைக் கடமையாக்கும் வசனங்களுக்கு ஊடாகவே நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு வந்துவிடுகிறது. விட்ட நாள்களை அவர்கள் பிறகு களா செய்துகொள்ள வேண்டும். இனி வைக்கவே முடியாத முதியவர் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிப்பது ஃபித்யா. இறைவன் உங்களுக்கு இலகுவையே நாடுகிறான் என்ற கருத்தும் அங்கேயே வருகிறது. கத்தோலிக்கச் சட்டம் சிறுவரையும் முதியவரையும் வயதைக் குறிப்பிட்டே விடுவிக்கிறது. பழைய விரத நூல்கள் தண்ணீர், கிழங்கு, பழம், பால், மருந்து ஆகியவற்றால் விரதம் கெடாது என்கின்றன. மாத்திரை போட்டுக்கொள்ளும் அப்பாயி தைரியமாகப் போட்டுக்கொள்ளலாம்.

பள்ளி நாடகங்களில் அடிக்கடி வரும் ஒரு வசனத்தை இந்த இடம் விழுத்தாட்டிவிடுகிறது: நோன்பு வயிற்றுக்கு ஓய்வு, உடலின் கழிவை நீக்கும் மருத்துவம் என்பது. உடல்நலம்தான் நோன்பின் நோக்கம் என்றால் நோயாளிதான் முதலில் நோன்பு வைக்க வேண்டும். மரபுகளோ நோயாளிக்கு இளக்கம் தருகின்றன. மருத்துவர் சொல்லிப் பட்டினி இருப்பது வேறு, நேர்ந்துகொண்டு இருப்பது வேறு. இரண்டையும் கலப்பவர் அறிவியலுக்கும் சமயத்துக்கும் சேர்த்துத் தவறு செய்கிறார்.

விலக்கு என்ற இடத்தில் மேடையில் ஒரு கவனம் தேவை. மாதவிலக்கு நாள்களில் முஸ்லிம் பெண்கள் நோன்பு வைப்பதில்லை, பிறகு களா செய்வார்கள். ஒரு நாள் பாத்திமா தண்ணீர் குடிப்பதைப் பார்த்து, “என்னடி, இன்னிக்கு நோன்பில்லையா?” என்று சத்தமாகக் கேட்பது பல வகுப்புகளில் நடக்கிறது. அந்தப் பெண் சுருங்கிப் போகிறாள், அல்லது பொய் சொல்கிறாள். எந்தச் சூழ்நிலையிலும் அதைச் சிரிப்புக்கான வசனமாக நாடகத்தில் எழுதக் கூடாது. எழுதுவதானால் ஸ்டெல்லா வாயால் இப்படி எழுதலாம்: “சௌந்தர், ஒருத்தர் நோன்பு வைக்கலன்னா ஏன்னு கேக்காத.” வேறு விளக்கம் வேண்டாம். வகுப்பில் பாதிப்பேருக்குப் புரியும், மீதிப்பேர் அந்த வசனத்தை ஒரு மரியாதையாகக் கற்றுக்கொள்வார்கள்.

அடுத்தது, மூன்று மரபிலும் அதிகம் பேசப்படாத ஒன்று. நோன்பு இருப்பது எவ்வளவு கடமையோ, சரியான வேளையில் முடிப்பதும் அவ்வளவு கடமை. துவாதசித் திதி முடிவதற்குள் பாரணை செய்துவிட வேண்டும் என்று அப்பாயி விடியலிலேயே அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் சமைத்து வைப்பார். இன்னும் கொஞ்சநேரம் பசித்திருக்கிறேன் என்று நீட்டினால் விரதம் கூடுவதில்லை, குறைபடுகிறது. சூரியன் மறைந்ததும் தாமதிக்காமல் நோன்பு திறப்பதை நபிகள் நாயகம் வலியுறுத்தினார். இரவும் பகலும் இடைவிடாமல் தொடர்நோன்பு இருப்பதைத் தம் மக்களுக்குத் தடுத்தார். பெருநாளன்று நோன்பு வைப்பது கூடாது. தவக்காலத்தில் சாம்பல் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய நாள்வரை 46 நாள் இருந்தும் ‘நாற்பது நாள்’ என்று சொல்வது, இடையில் வரும் ஆறு ஞாயிறுகளும் நோன்பு நாள் இல்லை என்பதால்தான். பசிதான் மதிப்பு என்றால் அதிகப் பசி அதிக மதிப்பாக இருந்திருக்கும். மூன்றும் அதை மறுக்கின்றன. மதிப்பு, தன் வயிற்றின் சொல்லுக்கும் தன் வீம்பின் சொல்லுக்கும் பதிலாக வேறொரு சொல்லுக்குக் கட்டுப்படுவதில் இருக்கிறது. உண்ணாதே என்றால் உண்ணாமல் இருப்பது, உண் என்றால் உடனே உண்பது.

திண்ணைக்குத் திரும்புவோம். பாங்கு கேட்கிறது.

பாத்திமா: (பேரீச்சம்பழத் தட்டை நீட்டி) இத எடுங்க. இதுல கறியும் இல்ல, அரிசியும் இல்ல.

சௌந்தர்: பழம் அப்பாயிக்கே ஓகே.

ஸ்டெல்லா: எனக்கும்.

மூன்று விதியும் அனுமதிக்கும் ஒரே பண்டம் அந்தத் திண்ணையில் பேரீச்சம்பழம்தான். இங்கே திரையை இறக்கிவிட ஆசிரியருக்கு ஆசை வரும், கைதட்டலும் வரும். ஆனால் இறக்கக் கூடாது. மிகக் கடினமான கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது.

ஸ்டெல்லா: ஏழைங்க பசி தெரியணும்னுதான நோன்பு?

பாத்திமா: ஏழைங்களும்தான் நோன்பு வைக்கிறாங்க. அவங்க யாரு பசிய தெரிஞ்சுக்க வைக்கிறாங்க?

பாத்திமாவின் இந்தக் கேள்வி மூன்று மரபையும் உலுக்கக்கூடியது. குர்ஆன் நோன்புக்குச் சொல்லும் காரணம் இறையச்சம். ஏழையின் பசியை அறிவது என்று அந்த வசனத்தில் இல்லை. தேர்ந்தெடுத்த பசிக்கு முடிவு நேரம் உண்டு. சூரியன் மறையும், துவாதசி விடியும். ஏழையின் பசிக்கு அப்படி ஒரு மணி கிடையாது. தமிழ்நாட்டில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. மதிய உணவு ஏற்கெனவே இருந்தும்கூட. காலையில் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மேடையில் இன்னொரு பிள்ளை ‘பசியை உணர்ந்தேன்’ என்று பெருமையோடு பேசினால் அது அவர்களைக் காயப்படுத்தும். வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும் என்று எண்ணியே இந்த இடத்தை எழுத வேண்டும்.

ஏழையைப் பற்றி மரபுகள் சொல்லாமல் இல்லை. அவை உணர்வோடு நிற்கவில்லை, செயலைக் கேட்டன. விவிலியத்தில் ஏசாயா 58ஆம் அதிகாரம் நோன்பு நாளிலேயே வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறவர்களைக் கடிந்துகொள்கிறது; கட்டுண்டவரை விடுவிப்பதும் பசித்தவருக்கு உணவைப் பகிர்வதும்தான் தேர்ந்த நோன்பு என்கிறது. ரமலான் முடிவில், பெருநாள் தொழுகைக்கு முன் ஃபித்ரா கொடுத்தாக வேண்டும். அதுவும் உணவுப் பொருளாக அளக்கப்படுவது. வள்ளுவர் ஈகை அதிகாரத்தில், தன் பசியைப் பொறுக்கும் தவத்தாரின் ஆற்றலைக்கூடப் பிறர் பசியைத் தீர்ப்பவரின் ஆற்றலுக்குப் பின்னால்தான் வைத்தார். ஸ்டெல்லாவின் அம்மா மீனுக்கான காசை டப்பாவில் போடுவது அந்தக் கணக்கில் சேரும். நாடகத்தில் அந்த டப்பா ஒருமுறை திறக்கப்பட வேண்டும்; அதில் எவ்வளவு இருக்கிறது, யாருக்குப் போகிறது என்று பேச வேண்டும். உணர்ந்தேன் என்ற வசனத்தைவிட அந்தச் சில்லறைச் சத்தம் நேர்மையானது.

ஒரு முரணையும் ஆசிரியர் எதிர்கொண்டாக வேண்டும். மலைப்பொழிவில் இயேசு, நோன்பு இருக்கும்போது முகத்தை வாட்டிக் காட்டாதே, முகம் கழுவி எண்ணெய் பூசிக்கொள் என்று பொருள்படச் சொல்கிறார். பொய்ச் சொல்லை விடாதவன் உணவை விடுவதில் இறைவனுக்குத் தேவை எதுவும் இல்லை என்பது நபிமொழி. மதிப்புக்காகவும் பகட்டுக்காகவும் செய்யும் தவத்தைக் கீதையின் பதினேழாம் அத்தியாயம் தாழ்வான வகையில் வைக்கிறது. இத்தனை பேர் இவ்வளவு கண்டித்த ஒன்றை, அதாவது தன் நோன்பைப் பார்வையாளர் முன் பேசுவதை, மேடை நாடகம் பிள்ளைகளைச் செய்யச் சொல்கிறது. தீர்வு எளிது. பிள்ளைகள் தங்கள் நோன்பைப் பற்றிப் பேசாமல் ஒருவர் மற்றவரின் நோன்பைப் பற்றிக் கேட்கட்டும். மொத்த நாடகத்தில் பதில்களைவிடக் கேள்விகள் அதிகமாக இருந்தால் பெருமைக்கு இடமே இருக்காது.

நடைமுறையில் சில சொல்ல வேண்டும். வசனத்தை மனப்பாடம் செய்யக் கொடுப்பதைவிட, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை கொடுப்பது நல்லது. அதில் அந்தக் கதாபாத்திரத்தின் வீடு, அன்றைய உணவு விதி, ஒரு சந்தேகம், அடுத்தவரிடம் கேட்க ஒரு கேள்வி ஆகிய நான்கும் இருந்தால் போதும். மீதியைப் பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். யார் எந்தப் பாத்திரம் என்பதில் கட்டாயம் வேண்டாம். தன் சமயத்துக்கே பிரதிநிதியாக நிறுத்தப்படுவது ஒரு பிள்ளைக்குச் சுமையாகலாம். வகுப்பில் ஒரே ஒரு முஸ்லிம் மாணவி இருக்கும்போது அந்தச் சுமை இரட்டிப்பாகும். பாத்திரத்தை மாற்றி எடுத்துக்கொண்டால், எடுத்துக்கொண்ட பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளையிடம் போய்க் கேட்டுத் தயாராக வேண்டும் என்பதை விதியாக வைக்கலாம். தொழுகை, ஜெபம், பூஜை ஆகியவற்றை மேடையில் நடிக்க வேண்டாம். சாப்பாட்டைப் பற்றிப் பேசலாம், வழிபாட்டைப் போலிசெய்து காட்டக் கூடாது.

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும். அரசு நிதியில் மட்டுமே நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு. அருணா ராய் தொடர்ந்த வழக்கில் 2002இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சமய போதனை வேறு, சமயங்களைப் பற்றிக் கற்பது வேறு என்று பிரித்தது, பின்னதற்குத் தடையில்லை. ஏகாதசியன்று அப்பாயி ஏன் அரிசி தொடுவதில்லை என்று ஒரு மாணவன் சொல்வது சமயத்தைப் பற்றிய கல்வி. எல்லோரும் ஏகாதசி இருங்கள் என்பது போதனை. இந்த வேறுபாடு தெரிந்த ஆசிரியருக்குப் பயம் வேண்டாம்.

2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10. ரமலான் அதற்கு ஓரிரு நாள் முன்னதாகத் தொடங்கிவிடும். இரண்டும் ஏறக்குறைய ஒரு மாதம் கூடவே நடக்கும், அதற்குள் ஏகாதசிகளும் வரும். அதற்கடுத்த ஆண்டுகளில் ரமலான் நகர்ந்து விலகிப் போய்விடும். எழுத நினைக்கும் ஆசிரியர்கள் இப்போதே தொடங்கலாம். முதல் வேலையாக, இன்று உன் வீட்டில் என்ன சமைத்தார்கள், ஏன் என்று வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள்.